பின்படி

காசிக்குப் போய் வந்து நாலு நாளாகிறது. கங்கைத் தீர்த்தம் வாங்க வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருத்தராவது விஸ்வநாதரைப் பற்றிக் கேட்க வேண்டுமே? செருப்பைக் கழற்றும்போதே, "ஏனுங், பிளேன்ல உங்கப்பா என்னமோ சத்தம் போட்டாராமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டுவிட்டு, மூணாவது தடவை தன் கொழுந்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

எல்லாத்துக்கும் காரணம் மச்சான்தான். ஆறு தடவை விமானத்தில் போனவன் என்பதால் எங்கள் வீட்டில் அவன் சொல்வதுதான் சட்டம். கோயமுத்தூரில் காலை 10.30க்கு ஏறினால் பெங்களூரில் 11.40. அங்கிருந்து வாரணாசி விமானம் 12.40. "ஒரு மணி நேரம் இருக்குதுங் மாமா, ஆனா அதை நம்பாதீங்க. கேட்டை 25 நிமிசம் முந்தியே சாத்திப்போடுவான். அப்ப உங்க கையில இருக்கறது 35 நிமிசந்தான். முன்னால சீட்டைப் புடிங்க, கதவு தொறந்ததும் மொத ஆளா எறங்கி ஓடீறலாம்" என்றான். கணக்கு சரிதான். நானும் காசு கட்டி ரெண்டாவது வரிசையில் மூணு சீட்டு போட்டேன். அம்மாவின் முட்டிவலிக்குச் சக்கர நாற்காலி சொல்லிவிடலாம் என்று இன்னொரு யோசனையும் சொன்னான். அம்மா, "நானென்ன படுத்த படுக்கையாவா கெடக்கறேன்?" என்று மறுத்ததால் பிழைத்தோம். நாற்காலி சொல்லியிருந்தால் எல்லாரும் இறங்கி முடித்த பிறகுதான் அவர்களை இறக்குவார்களாம். பின்னால்தான் தெரிந்தது.

அன்றைக்கு சித்ரா ஏர்போர்ட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி விமானத்துப் பக்கம் நடக்கிறோம். இறக்கையில் காத்தாடி வைத்த சின்ன விமானம். நான் நேராக மூக்குப் பக்கம் போகிறேன், அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏண்டா, படி பின்னாலயல்லோ இருக்குது?"

பார்த்தால், ஜனம் முழுக்க வால் பக்கம் வரிசையில் நிற்கிறது. முன்னால் ஒரு கதவு இருக்கிறது, அதில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஏடிஆர் 72 என்கிற இந்த விமானத்தில் முன்கதவு சரக்குக்கு, ஆள் ஏறுவதும் இறங்குவதும் பின்கதவில். மச்சான் ஆறு தடவை போனதெல்லாம் பெரிய விமானம். நான் காசு கட்டி வாங்கிய ரெண்டாவது வரிசை, இறங்கும்போது கடைசிக்கு முந்தின வரிசை.

சீட்டு போடும்போதே கண்டுபிடித்திருக்கலாம். படத்தில் நடுப்பாதைக்கு இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு என்று இருந்தால் பெரிய விமானம், முன்னால் உட்காருவதில் அர்த்தம் உண்டு. ரெண்டு ரெண்டாக இருந்தால் பெரும்பாலும் காத்தாடி விமானம், அது ஏடிஆராக இருந்தால் வால் பக்கம்தான் வாசல். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தபோது, "அட, ஜன்னலோரம் நெறைய இருக்குதே" என்றுதான் தோன்றியது.

அப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. 31 வருஷம் கண்டக்டர். வீட்டில் ரேஷன் கார்டைத் தேடினாலும் "டிக்கெட், டிக்கெட்" என்றுதான் தேடுவார். ஏறி உட்கார்ந்ததும் திரும்பி வாலில் இருக்கிற கதவை ஒரு பார்வை, நடுப்பாதையை ஒரு பார்வை. "எத்தனை சீட்டு?" என்றார். 78 என்றேன். "நம்ம வண்டியில அறுவதுக்கே படிக்கு வர்றதுக்குள்ள ஸ்டாப்பிங் தாண்டீரும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அதற்குள் ஒயர் கூடையைத் திறந்து முறுக்கு எடுத்துவிட்டாள்.

வண்டி கிளம்பவே இருபது நிமிஷம் தாமதம். எனக்குள் கணக்கு ஓட ஆரம்பித்தது. பன்னெண்டு மணிக்கு நின்றால், 12.15க்குக் கேட் மூடும். முன்னால் எழுபது பேர். ஒருத்தர் மேலே இருக்கிற பையை இழுத்து, அது வராமல், இன்னொருத்தர் பையை இறக்கிவைத்து, தன் பையை எடுத்து, அவர் பையைத் திரும்ப ஏத்தி, போனை ஆன் பண்ணி, "ம்ம், எறங்கியாச்சு" என்று சம்சாரத்துக்குச் சொல்லி நகர ஆறு செகண்டு என்று வைத்தால்கூட ஏழு நிமிஷம். மிச்சம் எட்டு நிமிஷத்தில் பஸ், செக்யூரிட்டி, கேட். காசி இல்லை, ராமேஸ்வரமே ஜாஸ்தி.

"அந்தப் புள்ளகிட்டச் சொல்லுடா" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"எறங்கும்போது சொல்லிக்கலாமுங்ப்பா."

"ஸ்டாப்பிங் வந்தப்பறம் சொன்னா எந்தக் கண்டக்டருடா விசிலடிப்பான்? இப்பவே சொல்லு."

அது சரிதான் என்று அப்புறம் புரிந்தது. அந்த விமானத்தில் பணிப்பெண்கள் ரெண்டே பேர். இறங்க ஆரம்பித்துவிட்டால் அவர்களும் பெல்ட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள், அதற்கப்புறம் யார் பேச்சும் எடுபடாது. காபி கொடுத்து முடித்த கையோடு சொன்னால்தான் உண்டு. நான் எழுந்துபோய் ரெண்டு போர்டிங் பாஸையும் காட்டி, வாரணாசி 12.40, மூணு பேர், ஒரே டிக்கெட்டில் போட்டது என்று சொன்னேன். அந்தப் பெண் தமிழ்ப் பெண். ஒரே டிக்கெட்டா என்று மட்டும் ரெண்டு தடவை கேட்டது. தனித்தனியாக வாங்கியிருந்தால் விட்டால் விட்டதுதான், புது டிக்கெட்டு நம் செலவு. ஒன்றாக இருந்தால், அவர்கள் தாமதத்தால் தவறினால் அடுத்த விமானத்தில் அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

பின்னால் காலியாக இருக்கிற சீட்டுக்கு மாறிக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். அதற்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டது. சின்ன விமானத்தில் யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பதை வைத்து எடைக் கணக்கு போட்டிருப்பார்களாம், இஷ்டத்துக்கு மாறக் கூடாதாம், கேப்டனைக் கேட்க வேண்டுமாம். மூணு பேரும் மாற இடமும் இல்லை. "ஆனா கேப்டன்கிட்டச் சொல்லிக் கீழ தகவல் குடுக்கச் சொல்றேன் சார். எறங்கும்போது அனவுன்ஸும் பண்றேன்" என்றது.

நான் வந்து சொன்னதும் அப்பாவுக்கு அந்த எடை விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது. "பாத்தியா, நானும் மலைல ஏறும்போது எல்லாத்தையும் முன்னால தள்ளுவேன்" என்றார். எதற்கென்று கேட்கவில்லை, அதற்கு ஒரு அரைமணி நேரம் ஆகும்.

பன்னெண்டு மணிக்கு வண்டி நின்றது. அந்தப் பெண் சொன்னபடியே மைக்கில், முதலில் இங்கிலீஷில், பிறகு இந்தியில், அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்காக மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும்படி அன்பாகக் கேட்டுக்கொண்டது. அந்த அன்பான குரல் முடியவும் 78 பெல்ட்டும் கழலவும் சரியாக இருந்தது. நடுப்பாதை வியாழக்கிழமைச் சந்தை மாதிரி ஆகிவிட்டது. நான் "எக்ஸ்கியூஸ் மீ" என்றேன். என் முன்னால் நின்ற முதுகு அசையவில்லை. அம்மா "முருகா" என்றாள்.

அப்போதுதான் அப்பா எழுந்தார். ரிட்டயராகி ஒன்பது வருஷம். சர்க்கரை, பிரஷர், ஒரு தடவை நெஞ்சுவலி. வீட்டில் இப்போதெல்லாம் டிவி சத்தத்தைக்கூடக் கூட்டச் சொல்ல மாட்டார், ரிமோட்டைத்தான் காட்டுவார்.

"காசி எறங்கறவிய எல்லாம் படிக்கு வாங்கோவ்! மத்தவிய அக்கட்டால உக்காருங்! கெழவி வருதுங், வழி உடுங், வழி உடுங்!"

விமானமே ஆடிவிட்டது. பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது, ஆனால் அந்தக் குரலுக்கு மொழி எதற்கு? பஸ்ஸில் போன ஜன்மம் எல்லாருக்கும் உடம்பில் இருக்கிறது போல. லேப்டாப் பையோடு நின்றவர் பொத்தென்று பக்கத்து ஆளின் மடியில் உட்கார்ந்தார். நடுவில் எங்கிருந்தோ இன்னும் நாலு பேர், "வாரணாசி, வாரணாசி" என்று கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். அப்பா அம்மாவை முன்னால் விட்டு, ஒவ்வொரு சீட்டு முதுகிலும் கையை வைத்துத் தட்டிக்கொண்டே, பழைய டவுன் பஸ்ஸில் நடக்கிற மாதிரி பக்கவாட்டில் நடந்து பின்படிக்குப் போனார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "கெழவி" என்றதற்கு அம்மா இன்னும் பேசவில்லை, அது வேறு கதை.

கதவில் நின்ற அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், நீங்க எந்த ஏர்லைன்ல இருந்தீங்க?" என்றது.

"பொள்ளாச்சி டிப்போங், அம்மிணி" என்றார் அப்பா.

கீழே 'வாரணாசி' என்று எழுதின அட்டையோடு ஒரு பையன் நின்றான். கேப்டன் சொல்லியிருக்கிறார். அவன் மட்டும் இல்லையென்றால் முதலில் இறங்கியும் பிரயோஜனமில்லை. பஸ் நிறைகிற வரைக்கும் கிளம்பாது, முதலில் ஏறினவன் உள்ளே போய் மாட்டிக்கொள்வான், கடைசியில் ஏறினவன் கதவோரம் நின்று முதலில் இறங்குவான். இங்கே எங்கள் ஏழு பேரை ஏற்றியதும் பஸ்ஸை அனுப்பிவிட்டான். அப்பா பழக்க தோஷத்தில் படியோரம் நின்று பஸ்ஸைத் தட்டினார். செக்யூரிட்டியில் அம்மாவின் கூடையில் இருந்த தேங்காயை வைத்து நாலு நிமிஷம் போனது, 12.14க்குக் கேட்டில் நின்றோம்.

நாங்கள் ஓடிவிட்டோம், பெட்டி ஓடவில்லை. அது மறுநாள் சாயங்காலம் வந்தது. வாரணாசியில் வெளியே வருவதற்கு முன்பே கவுன்டரில் எழுதிக்கொடுக்க வேண்டும், அதற்குப் பெட்டிச் சீட்டுத் துண்டு வேண்டும் என்றார்கள். நான் பையெல்லாம் துழாவுகிறேன், அப்பா சட்டைப் பையிலிருந்து மூணு துண்டையும் நம்பர் வரிசையில் எடுத்து நீட்டினார். மாற்றுத் துணி இல்லை என்று அம்மா அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு பனாரஸ் பட்டு எடுத்துக்கொண்டாள். பெட்டி வராததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே பயணி அவள்தான்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "ஏண்டா, முன்னால உக்கார்றதுக்குத் தனியாக் காசு வாங்குனாங்களாமா?"

"இல்லீங்ப்பா, சும்மாதான் குடுத்தாங்க" என்றேன்.

"அதானே" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். "முன் சீட்டுக்குத் தனி ரேட்டுன்னு நான் கிழிச்சிருந்தா, செக்கரு என்னைய அங்கயே எறக்கிவுட்டிருப்பான்."