குடம், கல், செருப்பு, நாய்

மார்ச் 4, செவ்வாய்

ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும் ஒரு அனிமேஷன் குறும்படம், வசனமே கிடையாது. அதற்கான காமெடியை இன்று எழுத உட்கார்ந்தேன். களம் முடிவாகிவிட்டது: தெருமுனையில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதில் ஒரு குழாய், எதிரே வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கமெல்லாம் வறண்டு கிடந்தபோது இந்த ஊரில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஆள் இருக்க மாட்டார், குடம் மட்டும் நிற்கும். குடம் இல்லாதவர் கல்லை வைத்துவிட்டுப் போவார், கல் கிடைக்காதவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார். வரிசை நகரும்போது பின்னால் இருப்பவர் அதையெல்லாம் காலால் ஒரு தள்ளு தள்ளி முன்னேற்றி விடுவார். யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் மீறினால் தெருவே கூடிவிடும்.

ஊமைக் காமெடிக்கு இப்படி ஒரு சட்டம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் பார்ப்பவருக்கு வாய் திறந்து எதையும் விளக்க வேண்டியதில்லை. கல் என்பது கல் இல்லை, ஒரு ஆள். இதை முதல் பதினைந்து நொடிக்குள் படத்திலேயே காட்டிவிட்டால் போதும்.

என் ஆள் ஒரு ஒல்லிப் பையன், கையில் பச்சைக் குடம், வேலைக்குப் போகும் அவசரம். அவசரம் என்பதைத் தோளில் தொங்கும் சாப்பாட்டுப் பையும் கையில் வாட்சும் சொல்லிவிடும். அவனுக்கு முன்னால் ஒரு கல், அதற்கு முன்னால் ஒரு செருப்பு. கல்லைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முன்னேறுகிறான். எங்கிருந்தோ ஒரு குட்டிப் பாட்டி வந்து நின்று பார்க்கிறாள். கல்லைப் பழைய இடத்தில் வைக்கிறான். பாட்டி அந்தப் பக்கம் போனதும் கல்லையும் தாண்டிப் போய்ச் செருப்பில் கை வைக்கிறான். ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு ஒரு மலை போன்ற ஆள் வருகிறார். இரண்டு முறை அடி வாங்கியாயிற்று. மூன்றாவதாக அவன் முன்னால் கிடப்பது தூங்கும் ஒரு தெருநாய். அதுவும் யாரோ போட்டு வைத்த இடம்தான் என்று நினைத்து அதைத் தொடவே மாட்டான். இதுதான் முழுக் காமெடி.

மார்ச் 6, வியாழன்

நேற்றும் இன்றும் நடுப்பகுதியோடுதான் மல்லுக்கட்டு. ஏறுமுகம் என்றால் அதே விஷயத்தை இன்னும் பெரிதாகச் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள், கல், அப்புறம் பெரிய கல், அப்புறம் பாறை என்று. அப்படிப் போனால் இரண்டாவது தடவையே பார்ப்பவர் படத்தைவிட முன்னால் போய்விடுவார், அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு படியிலும் அவன் நடந்துகொள்ளும் விதம் மாற வேண்டும். கல்லிடம் அலட்சியம், செருப்பிடம் திருட்டுத்தனம், நாயிடம் பயபக்தி.

நாய் வந்த பிறகு வரிசை மூன்று முறை நகர்கிறது, பின்னால் இருப்பவன் என்ற முறையில் நாயை முன்னேற்றுவது அவன் பொறுப்பு. நாயைக் காலால் தள்ள முடியாது, அதனால் அது ஒரு சாக்கின் மேல் படுத்திருக்கிறது. சாக்கு முதல் காட்சியிலிருந்தே ரோட்டில் கிடக்க வேண்டும், தேவைப்படும்போது திடீரென்று முளைத்தால் கண்ணை உறுத்தும். முதல் முறை கால்விரலால் சாக்கை இழுக்கிறான். இரண்டாவது முறை குனிந்து இரண்டு கையாலும், எழுந்துவிடுமோ என்று மெதுவாக இழுக்கிறான். மூன்றாவது முறை வெயில் ஏறிவிட்டது, இழுத்து வைத்துவிட்டுத் தன் பச்சைக் குடத்தை உயர்த்திப் பிடித்து நாய்க்கு நிழல் கொடுக்கிறான். இது வந்ததும் எனக்கு நிம்மதி. மூன்றும் ஒரே வேலை, ஆனால் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

நாய் எப்படி அவனுக்கு முன்னால் வந்தது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. செருப்புக்காரர் முறைத்ததும் பயத்தில் கல்லுக்குப் பின்னால் தன் இடத்துக்கு வந்து, அதற்கும் இரண்டு அடி தள்ளிப் போய் நிற்கிறான். சாக்கு கிடக்கும் இடத்தில் ஒரு இடைவெளி விழுகிறது. அவன் செய்த திருட்டு வேலைதான் நாய்க்கு இடம் கொடுக்கிறது. தற்செயலாக நாய் வந்தால் அது கதாசிரியர் கொண்டு வந்த நாய், இப்போது அவனே வரவழைத்த நாய்.

மார்ச் 9, ஞாயிறு

நாய் வந்து படுப்பதைப் பார்ப்பவருக்குக் காட்டலாமா, மறைக்கலாமா? இதை முடிவு செய்யாமல் ஒரு சட்டகம்கூட வரைய முடியாது என்பதால் இரண்டு விதமாகவும் பென்சில் படங்களை அடுக்கி அனிமேட்டிக் செய்தேன். ஒன்றில் அவன் திரும்பும்போது நாய் ஏற்கெனவே அங்கே கிடக்கிறது, நமக்கும் அப்போதுதான் தெரியும். இன்னொன்றில் அவன் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாய் வாலாட்டிக்கொண்டு வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சுருண்டு படுப்பதை நாம் பார்க்கிறோம்.

மறைத்த வடிவத்தைக் கீழ் வீட்டு அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். சிரிக்காமல் கவனமாகப் பார்த்தார். முடிந்ததும் "அந்த நாய்க்காரர் கடைசி வரைக்கும் வரவே இல்லையே தம்பி?" என்று கேட்டார். பையனைப் போலவே அவரும் நாயின் சொந்தக்காரருக்காகக் காத்திருந்திருக்கிறார். பையனுக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரியும், அப்புறம் எப்படிச் சிரிப்பு வரும்?

காட்டிய வடிவத்தை அக்கா மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் போட்டேன். நாய் படுத்ததுமே ஒரு சிரிப்பு, அவன் திரும்பிப் பார்த்துத் தயங்கி நின்றதும் இன்னொன்று, சாக்கை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று. "அண்ணா, அது சும்மா நாய்ணா!" என்று ஒருவன் திரையைப் பார்த்தே கத்தினான். எனக்கு வேண்டியது அந்தக் கத்தல்தான்.

லூமியேர் சகோதரர்கள் 1895-ல் எடுத்த தோட்டக்காரர் படம் இதே கணக்கில்தான் ஓடுகிறது, ஒரு நிமிடம்கூட இல்லாத படம். பையன் ரப்பர் குழாயை மிதிப்பது நமக்குத் தெரிகிறது, தோட்டக்காரருக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஏன் நின்றது என்று அவர் குழாயின் வாயைக் கண்ணருகே கொண்டு போகும்போதே நாம் சிரிக்கத் தயாராகிவிடுகிறோம். திடீர் அதிர்ச்சிக்குக் கிடைப்பது ஒரு சிரிப்பு. நமக்கு முன்பே தெரிந்திருந்தால் காத்திருக்கும் நேரம் முழுக்கச் சிரிப்பு.

மார்ச் 12, புதன்

நாயைக் காட்டுவது என்று முடிவானதும் வேறு சிக்கல். நாய் வரும் நேரத்தில்தான் செருப்புக்காரர் நொண்டி வருகிறார், பையன் நடுங்குகிறான். இரண்டு இடத்தில் அசைவு இருந்தால் கண் பெரிய அசைவைத்தான் பிடிக்கும். நாய் வந்ததையே பாதிப் பேர் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். அதனால் செருப்புக்காரர் வந்து நின்றதும் அவரையும் பையனையும் அப்படியே உறைய வைத்தேன், வெறும் முறைப்பு, இரண்டு நொடி, நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 48 ஃப்ரேம். அந்த நேரத்தில் திரையில் அசைவது நாய் மட்டும்தான். முறைப்பு நீளமாக இருப்பதே ஒரு சிரிப்பு, நாய்க்கும் வழி கிடைத்துவிட்டது. முழுக்க அசைவில்லாத படம் செத்த மாதிரி தெரியும், அதனால் செருப்புக்காரரின் மீசை நுனி மட்டும் ஒரே ஒருமுறை துடிக்கட்டும், அதுவும் நாய் படுத்த பிறகு.

கேமரா கோணம் ஒன்றே ஒன்று, பக்கவாட்டில், அசையாமல். இடது கோடியில் குழாய், வரிசை வலப்பக்கம் நீள்கிறது. இதில் வெட்டு வைத்தால் யார் யாருக்கு முன்னால் என்ற கணக்கு தப்பிவிடும், இந்தக் காமெடிக்கு அந்தக் கணக்குதான் உயிர். உருவங்களை எல்லாம் கறுப்பாக நிரப்பியும் பார்த்தேன், கறுப்பிலேயே எது எது என்று புரிய வேண்டும். சுருண்ட நாயும் கல்லும் கறுப்பில் ஏறக்குறைய ஒரே வடிவம். இது தானாக அமைந்தது, விடவே மாட்டேன், கல்லை இன்னும் கொஞ்சம் உருண்டையாக்கி அந்த ஒற்றுமையைக் கூட்டிவிட்டேன். அவன் ஏன் நாயைக் கல்லைப் போல நினைக்கிறான் என்பதற்குக் கண்ணே பதில் சொல்லிவிடும். குழப்பம் வராமல் இருக்கக் காதும் வாலும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

மார்ச் 15, சனி

இன்று முழுக்க நேரக் கணக்கு. கல் விஷயம் பன்னிரண்டு நொடி எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் அங்கேதான் சட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறோம். செருப்புக்கும் அவ்வளவு கொடுத்திருந்தேன், பார்க்கும்போதே இழுவை தெரிந்தது, வேகத்தைக் கூட்டி ஏழு நொடிக்குக் கொண்டுவந்தேன் (முறைப்பு தனி). பாடம் தெரிந்தவருக்கு மறுபடி நடத்த வேண்டியதில்லை. மிச்சமான நேரமெல்லாம் நாய்க்கு.

கடைசியில் தண்ணீர் தீர வேண்டும். நாய் குழாயடிக்கு வந்துவிட்டது, பையன் சொந்தக்காரரைத் தேடி அக்கம்பக்கம் பார்க்கிறான், யாரும் வரவில்லை. நாய் எழுந்து, சோம்பல் முறித்து, குழாயில் வரும் தண்ணீரை நக்கிக் குடித்துவிட்டுப் போகிறது. அவன் குடத்தை வைக்கிறான், ஒரே ஒரு சொட்டு. இந்தச் சொட்டு அநியாயமாகத் தெரியக் கூடாது என்றால் தண்ணீர் குறைவதை முதலிலிருந்தே விதைக்க வேண்டும். ஆரம்பத்தில் கட்டைவிரல் கனத்தில் விழும் தண்ணீர், செருப்பு சமயத்தில் சுண்டுவிரல் கனம், நாய் குடிக்கும்போது நூல். யாரும் குறிப்பாகக் கவனிக்க மாட்டார்கள், ஆனால் கடைசிச் சொட்டு விழும்போது "ஆமா, குறைஞ்சுக்கிட்டே தானே வந்துது" என்று தோன்றிவிடும்.

ஒலியிலும் அதைச் சொல்லலாம். குடம் நிறைய நிறைய உள்ளே காற்று நிற்கும் இடம் குறையும், சத்தம் கீச்சென்று மேலே ஏறும், தண்ணீர் பிடித்த எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். முதல் குடத்தில் அந்த ஏற்றம் நாலு நொடியில் முடிகிறது, பிற்பாடு ஒரு குடம் ஏறவே மாட்டேன் என்று இழுக்கிறது. பின்னணி இசை போட்டால் இது காதில் விழாது, அதனால் அந்தப் பகுதியில் இசையே வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

முடிவுக்கு மேல் ஒரு முடிவு வேண்டுமா என்று நண்பனோடு வாக்குவாதம். "மச்சான், சொட்டு விழுந்ததும் லாரி வந்து எதிர்ப்பக்கம் நிக்குது, வரிசையே திரும்புது, கடைசி ஆள் முதல் ஆள் ஆயிடறான்" என்றான். நல்ல ஐடியாதான், தனியாக ஒரு படமே எடுக்கலாம். ஆனால் நாம் விதைத்தது எதுவும் லாரியைக் கொண்டு வரவில்லை, அது வெளியிலிருந்து வருகிறது. கல், செருப்பு, நாய் என்று போன கணக்கிலிருந்தே முளைப்பதாக இருந்தால் சேர்க்கலாம் என்றேன்.

கடைசியில் அப்படி ஒன்று கிடைத்தது. பையன் காலிக் குடத்தோடு இடப்பக்கம் வெளியேறுகிறான். இரண்டு நொடி வெறும் வரிசை. நாய் திரும்ப வந்து, வரிசையின் நடுவில் நின்று, இடம் தேடுகிறது. குட்டிப் பாட்டி, மறுபடி வரிசையில் போட்ட தன் கல்லைக் காலால் ஒரு அடி பின்னால் இழுத்து அதற்கு இடம் விடுகிறாள். அதோடு வெட்டு. பாட்டியின் முகத்தில் எந்த பாவமும் வேண்டாம், சிரித்துவிட்டால் பார்ப்பவருக்கு மிச்சம் இருக்காது. இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு வரைபடம் என்ற கணக்கில் நொடிக்குப் பன்னிரண்டு போதும், பாட்டியின் கால் இழுப்பை மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வரையச் சொல்லியிருக்கிறேன்.

மொத்தம் 84 நொடி. நாளை சாலிகிராமத்தில் பின்னணி வரைபவரைப் பார்க்க வேண்டும், சாக்கின் நிறம் ரோட்டோடு கலந்துவிடாமல் இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.