டீக்கடைக் காட்சியை வெட்டச் சொன்ன நாலு பேரும், வெட்டாதே என்ற மூணு பேரும்

என் குறும்படத்தைத் தோராயமாகக் கோத்த முதல் வடிவம், அதாவது ரஃப் கட், 31 நிமிடம் வந்தது. ஓய்வுபெறும் நாளில் கடைசி டிரிப் போகும் ஒரு பஸ் கண்டக்டரின் கதை. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மகள் அதே பஸ்ஸில் ஏறுகிறாள். அவர் யாருக்கோ கொடுப்பதுபோல அவளுக்கும் டிக்கெட் கொடுத்துச் சில்லறையை எண்ணி வைக்கிறார். அவள் யார் என்பது 24-வது நிமிடத்தில்தான் உடையும். அதைத்தான் நான் படத்தின் பெரிய பலம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சாலிகிராமத்தில் எடிட்டர் அண்ணனின் அறையில் எட்டுப் பேருக்குப் போட்டுக் காட்டினோம். இசை இல்லை, கலர் பார்க்கவில்லை, ஒலி படப்பிடிப்பில் பதிந்த வெறும் பைலட் டிராக். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஆனாலும் பஸ் இரைச்சலில் முக்கியமான ரெண்டு வசனம் அமுங்கிப்போயிருந்ததால் அவற்றுக்கு மட்டும் அண்ணன் தற்காலிகமாக எழுத்து போட்டுவைத்தார். "காதுல விழாததை 'புரியல'ன்னு சொல்லிருவாங்க தம்பி, நீ போய்த் திரைக்கதையை நோண்டிட்டு இருப்பே" என்றார். படத்தின் மூலையில் நிமிடம், விநாடி காட்டும் டைம்கோடு ஓடியது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் முதுகுகளைப் பார்த்தேன். யார் எந்த நிமிடத்தில் போனை எடுக்கிறார், யார் நாற்காலியில் நகர்கிறார் என்று குறித்துக்கொண்டேன். பேசும்போது மறைக்கிற விஷயத்தை முதுகு மறைப்பதில்லை.

படம் முடிந்ததும் "எப்படி இருக்கு" என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "நல்லாருக்கு, கொஞ்சம் டிரிம் பண்ணலாம்" என்பதுதான் வரும். கதையை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொன்னேன். எங்கே குழம்பியது, எங்கே மனசு வேறெங்கோ போனது என்று மட்டும் கேட்டேன். பதிலுக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்று அண்ணன் கண்டிஷன் போட்டிருந்தார். அது லேசான வேலையில்லை. ஒருமுறை "இல்லங்க, அது எதுக்குன்னா..." என்று ஆரம்பித்து, அவர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டேன். நான் விளக்கியதும் எதிரே இருப்பவர் "ஓ, அப்படியா" என்று தலையாட்டிவிடுவார். அதோடு அவருடைய குழப்பம் எனக்குக் கிடைக்காமல் போய்விடும்.

அப்புறம்தான் சிக்கல். 13-வது நிமிடத்தில் ஒரு டீக்கடைக் காட்சி. பஸ் நிற்கிறது, கண்டக்டரும் டிரைவரும் டீ குடிக்கிறார்கள், மகள் பஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறாள். 3 நிமிடம் 40 விநாடி. "அதைத் தூக்கிடு, படம் அங்க படுத்திருது" என்று நாலு பேர். "படத்தோட உயிரே அதுதான், கை வைக்காதே" என்று மூணு பேர், அதில் எங்கள் கேமராமேனும் ஒருவர். இந்த எட்டுப் பேர் கணக்கில் வராத, பணம் போட்ட மாமா தனி ரகம். அவர் பேச்சை நம்பி வந்த சொந்தக்காரர்கள் மாலை போடும் காட்சியில் நிற்பதால், அதை இன்னும் நீட்டச் சொன்னார்.

அன்றிரவு எண்ணிக்கைதான் மண்டையில் ஓடியது. நாலுக்கு மூணு, வெட்டிவிடலாமா? வேண்டாம், ரெண்டு நாள் குறிப்பு நோட்டைத் தொடாதே என்று அண்ணன் சொன்னார். மூணாவது நாள் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டோம். முதலில் எந்த இடம், அடுத்து என்ன தோன்றியது, கடைசியில் என்ன செய்யச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியை மடித்து மறைத்துவிட்டார். டாக்டரிடம் போனால் எங்கே வலிக்கிறது என்று சொல்லலாம், மருந்துச் சீட்டையும் நாமே எழுதிக்கொண்டு போகக் கூடாது என்பது அவர் கட்சி. பிறகு ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஸ்கிரிப்ட் படித்தவரா இல்லையா என்று ஒரு குறி போட்டார்.

அவ்வளவுதான், முடிச்சு தெரிந்துவிட்டது. காட்சி உயிர் என்ற மூணு பேரும் ஸ்கிரிப்ட் படித்தவர்கள். வெட்டச் சொன்ன நாலு பேரும் படிக்காதவர்கள். ஒரே காட்சியைப் பற்றி ரெண்டு கருத்து வந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர்கள் பார்த்தது ரெண்டு படம். உள்ளே உட்கார்ந்திருப்பது மகள் என்று தெரிந்தவருக்கு அந்த டீ கிளாஸ் கனக்கிறது. தெரியாதவருக்கு ரெண்டு பேர் டீ குடிக்கிறார்கள், அவ்வளவே.

எட்டாவது ஆள் எங்கள் எதிர்வீட்டு அக்கா. அவரும் ஸ்கிரிப்ட் படிக்காதவர். எதையும் வெட்டச் சொல்லவில்லை, சேர்க்கவும் சொல்லவில்லை. கதையைத் திருப்பிச் சொல்லும்போது, "அந்தப் புள்ள டிக்கெட் எடுக்காம ஏமாத்த ஏறுனவன்னு நெனச்சேன், அதான் அவரு அப்படி முறைக்கிறாருன்னு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். தாளில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. நான் பாசத்தை அடக்கிக்கொள்ளும் பார்வை என்று வைத்த ஷாட் அவருக்குச் செக்கிங் பார்வையாகத் தெரிந்திருக்கிறது. கிடைத்ததிலேயே உருப்படியான கருத்து அதுதான். வலி தெரிந்த இடம் 13-வது நிமிடம், நோய் இருந்தது 6-ல், அவள் ஏறும்போது.

அப்படியும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. டைம்லைனை ஒரு நகல் எடுத்து, டீக்கடையை முழுசாகத் தூக்கிவிட்டுப் பார்த்தோம். இப்போது அதற்கு அடுத்த டிப்போ காட்சி இழுத்தது! இதுவரை அந்தக் காட்சியை யாரும் குறை சொன்னதில்லை. வெட்டினால் அலுப்பு தீராமல் அடுத்த காட்சிக்கு இடம் மாறுகிறது என்றால், வெட்டிய இடத்தில் நோய் இல்லை.

ரீஷூட்டுக்குப் பணமில்லை. ஆனால் 7-வது நிமிடத்தில் டிரைவரின் பின்தலை தெரியும் ஒரு ஷாட் இருந்தது. உதடு தெரியாது, எப்படியும் டப்பிங் பேசப்போகிறோம். "அண்ணே, அது நம்ம பாப்பாதானே?" என்று ஒரு வரியை என் குரலில் போனில் பதிந்து அங்கே ஒட்டினோம். கண்டக்டர் பதில் சொல்லவில்லை, ரெண்டு விசில் கொடுக்கிறார், பஸ் கிளம்புகிறது. அந்த விசில் ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்ததுதான். இப்போது அதுவே பதிலாகிவிட்டது. டீக்கடையில் 50 விநாடி மட்டும் குறைத்தோம்.

மறுபடி காட்ட, ஸ்கிரிப்டையும் படத்தையும் அறியாத நாலு புது ஆட்களைப் பிடித்தோம். பழைய எட்டுப் பேரும் இதற்கு உதவ மாட்டார்கள், அவர்களுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. டீக்கடையில் ஒரு போன்கூட வெளியே வரவில்லை. ஆனால் 24-வது நிமிடத்து அதிர்ச்சி போய்விட்டது. கேமராமேனுக்கு அதில் கடுப்பு, "டிவிஸ்டையே வித்துட்டியேடா" என்றான். அவன் சொன்னது உண்மைதான். மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்பே காட்டிவிடுவது பற்றி இயக்குநர் ஹிட்ச்காக் பேசியதை அவனுக்கு நினைவுபடுத்தினேன், சமாதானமாகவில்லை. சில விநாடி ஆச்சரியத்தைக் கொடுத்து 17 நிமிடப் பதற்றத்தை வாங்கியிருக்கிறேன் என்பது என் கணக்கு. அந்த முடிவை ஓட்டுப் போட்டு எடுக்க முடியாது.

மாமாவின் மாலைக் காட்சியில் அவர் கேட்டதில் கால்வாசிதான் நீட்டினேன், பொங்கல் வரை அவர் என்னோடு பேசவில்லை. கடைசி ஷாட்டைப் பற்றியும் மூணு பேர் குறை சொல்லியிருந்தார்கள். காலி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் பையைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது, 40 விநாடி. 22-ஆகக் குறைத்துப் பார்த்தேன். அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகப்போகிறவர் போலத் தெரிந்தார். 40-லேயே விட்டுவிட்டேன். இன்றைக்கும் எங்கே போட்டாலும் முப்பதாவது விநாடி வாக்கில் யாராவது ஒருவர் இருமுகிறார்.