மொழிபெயர்ப்புக்கு முன் சொல் பொறுக்குதல்: ஒரு குளுக்கோமீட்டர் கையேட்டு அனுபவம்

வீட்டிலேயே சர்க்கரை அளவு பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்றின் பயனர் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை வந்தது. முதல் பக்கத்தைத் தொடும் முன்பே சொற்பட்டியல் போட்டு, வாடிக்கையாளரின் ஒப்புதலை வாங்கிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். கையேட்டில் இருக்கும் அதே சொற்கள்தான் பெட்டியிலும் உள்ளே வைக்கும் துண்டுத் தாளிலும் அச்சாகும். அச்சுக்குப் போன பிறகு ஒரு சொல்லை மாற்றினால் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும்.

கையேடு பி.டி.எஃப்.ஆக இருந்ததால் முதலில் வெறும் உரைக்கோப்பாக எடுத்தேன்:

```
pdftotext -enc UTF-8 manual.pdf manual.txt
```

அதில் பக்கத் தலைப்பையும் பக்க எண்ணையும் நீக்கினேன். விட்டுவைத்தால், பக்கத்துக்குப் பக்கம் வரும் கருவியின் பெயரே பட்டியலின் உச்சியில் வந்து உட்காரும். பிறகு AntConc என்ற சொல்லாய்வு மென்பொருளில் ஏற்றி, இரண்டு முதல் நான்கு சொல் வரை சேர்ந்து வரும் தொடர்களை எண்ணவைத்தேன். டெஸ்ட் ஸ்ட்ரிப், கன்ட்ரோல் சொல்யூஷன், லான்சிங் டிவைஸ் எல்லாம் மேலே வந்தன. கூடவே 'இன்சர்ட் த டெஸ்ட்' போன்ற பாதியில் அறுந்த துண்டுகளும் ஏராளம். அவற்றைக் கையால்தான் களைய வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக வரும் தொடர்களில் மட்டும் அவசரப்படக் கூடாது. கன்ட்ரோல் சொல்யூஷன் என்பது மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க உதவும் திரவம். கன்ட்ரோல் சொல்யூஷன் டெஸ்ட் என்பது அதை வைத்துச் செய்யும் சோதனை. இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் முக்கியமான சொற்கள் தப்பிவிடும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதத்தைக் குறிக்கும் ஹெமடோகிரிட் என்ற சொல் கையேடு முழுவதிலும் ஒரே இடத்தில்தான் வருகிறது. ஆனால் அந்த விகிதம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் மீட்டர் காட்டும் அளவு தவறாகலாம் என்று சொல்லும் இடம் அது. எச்சரிக்கைப் பக்கங்களை வரிவரியாகப் படித்துத்தான் இப்படிப்பட்டவற்றைச் சேர்த்தேன். மீட்டரின் பாகங்களைக் காட்டும் படங்களில் உள்ள பெயர்களும் உரைக்கோப்பில் இல்லை. அவை படத்தோடு படமாக இருந்தன. அவற்றையும் பார்த்துத் தட்டச்சு செய்தேன்.

இந்த வேலையில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. 'டிவைஸ்' என்ற சொல் வரும் வாக்கியங்களை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். சில அத்தியாயங்களில் அது மீட்டரைக் குறித்தது. சிலவற்றில் விரலில் குத்தும் லான்சிங் டிவைஸை. 'டிவைஸை ஆல்கஹாலால் துடைக்கவும்' என்ற வரியில் எது என்றே தெரியவில்லை. மீட்டரில் ஸ்ட்ரிப் செருகும் துளைக்குள் ஈரம் போனால் கருவி கெட்டுவிடும். ஆகவே இதை மொழிபெயர்ப்பாளர் ஊகித்து எழுதக் கூடாது. பட்டியலோடு இதைக் கேள்வியாகவே அனுப்பினேன். லான்சிங் டிவைஸ்தான் என்று பதில் வந்தது. ஆங்கில மூலத்தையும் திருத்திக்கொண்டார்கள்.

பொறுக்கிய எல்லாவற்றையும் வாடிக்கையாளர் தலையில் கட்டவில்லை. பேட்டரி, பொத்தான் மாதிரி சர்ச்சைக்கு இடமில்லாதவற்றை விட்டுவிட்டு, முடிவு தேவைப்படும் சொற்களை மட்டும் எக்ஸெல் தாளில் வைத்தேன். ஆங்கிலச் சொல், அது வரும் முழு வாக்கியம், என் பரிந்துரை, மாற்றுச் சொல், அவர்கள் முடிவு என்று பத்திகள். வாக்கியத்தோடு கொடுக்காவிட்டால், பார்ப்பவர் அகராதிப் பொருளை வைத்துத் திருத்திவிடுவார். கன்ட்ரோல் சொல்யூஷனுக்கு 'சரிபார்ப்புத் திரவம்' என்று கொடுத்திருந்தேன். 'கட்டுப்பாடு' என்று வந்தால், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மருந்து என்று நோயாளி நினைத்துவிடக்கூடும். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

டெஸ்ட் ஸ்ட்ரிப்பில்தான் இழுபறி. அவர்கள் பக்கம் பார்த்த இருவரில் ஒருவர் 'சோதனைப் பட்டை' என்றார். மற்றவர் 'டெஸ்ட் ஸ்ட்ரிப்' என்றார். யார் சொல் இறுதி என்று ஒருவரைக் குறிக்கச் சொல்லிக் கேட்டேன். மருந்துக்கடையில் போய்க் கேட்கும் பெயர் எதுவோ அதுவே இருக்கட்டும் என்ற என் வாதமும் சேர்ந்து, 'டெஸ்ட் ஸ்ட்ரிப்' நின்றது.

ஒப்புதலான பட்டியலை memoQ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் ஏற்றும்போது தமிழுக்கென்று ஒரு வேலை உண்டு. 'திரவம்' வாக்கியத்தில் 'திரவத்தை', 'திரவத்தில்' என்று மாறிவிடும். முழுச்சொல்லை அப்படியே ஏற்றினால், சரியாக எழுதிய இடத்திலும் பிழை என்று காட்டும். அதனால் மாறாத பகுதியை மட்டும் பொருத்தச் சொல்லி, 'திரவ' என்பதற்குப் பின் ஒரு குழாய்க்குறி போட்டேன்: `சரிபார்ப்புத் திரவ|ம்`. மொழிபெயர்க்கும்போது புதிதாகத் தட்டுப்பட்ட சொற்களைத் தனித்தாளில் சேர்த்துவைத்து, இறுதி முடிவு சொல்லும் அதே நபரிடம் மறுபடி ஒப்புதல் வாங்கிய பிறகே பட்டியலில் ஏற்றினேன்.