ஐசியூவில் இருக்கும்போதே காப்பீட்டுத் தொகை தீர்ந்தால்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் தனியார் மருத்துவமனை ஐசியூவில் ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது.

5 லட்சம் பாலிசி, ஒரு நாள் பில் 45,000 என்றால் 11 நாளில் பணம் தீர்ந்துவிடும். பில்லிங் கவுண்டரில் தினமும் இடைக்கால பில் கேட்டு வாங்குங்கள். பாதி தாண்டியதுமே அடுத்த வழியைத் தேடணும்.

அலுவலக குரூப் பாலிசி என்றால் ஊழியரின் தொகை தீர்ந்தால் எடுக்க கம்பெனி பொதுவாக வைத்திருக்கும் கூடுதல் தொகையான கார்ப்பரேட் பஃபர் உண்டா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். கம்பெனி ஒப்புதல் கொடுத்தால்தான் அது கிடைக்கும், அதனால் டிஸ்சார்ஜ் வரை காத்திருக்காதீர்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் செலவை ஏற்கும் சூப்பர் டாப்-அப்போ வேறு பாலிசியோ இருந்தால் மீதியை அதில் கோரலாம். முதல் கம்பெனியின் செட்டில்மென்ட் கடிதமும் மருத்துவமனை முத்திரை போட்ட பில் நகல்களும் இல்லாமல் ஃபைல் நகராது. தீர்ந்த தொகையை மறுபடி நிரப்பித் தரும் ரெஸ்டோர் வசதியை மட்டும் நம்பாதீர்கள். பல பாலிசிகளில் அது அடுத்த அட்மிஷனுக்குத்தான்.

எதுவுமே இல்லையென்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதில் தப்பே இல்லை. ஆனால் வென்டிலேட்டர் படுக்கை இருக்கிறது என்று அங்குள்ள டாக்டர் இங்குள்ள டாக்டரிடம் உறுதி சொன்ன பிறகே ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட்டும், எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போனது என்ற விவரமும் கையோடு போகட்டும்.