ஜரிகை பார்டரைத் தொடாமல் கல்யாணப் புடவையை மாற்றிப் பார்த்தது

சித்தியின் மூத்த மகள் முகூர்த்தத்துக்குக் கட்டியது அரக்குப் பட்டு. பாடி முழுக்கச் சின்ன ஜரிகை புட்டா, ஆறு இன்ச் பச்சை பார்டரில் மயிலும் சக்கரமும் மாறி மாறி வரும். தையில் சின்னவளுக்குக் கல்யாணம். அதே பார்டரை வைத்து, பாடியைக் கத்தரிப்பூ நிறத்தில் ஜரிகைக் கட்டமாக நெய்து வாங்கித் தருவதாக மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும் முன் அது கட்டினால் எப்படி இருக்கும் என்று சித்திக்குப் பார்க்க வேண்டும். பெரியவளின் கல்யாணப் படத்திலேயே புடவையை மாற்றிக் காட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டேன். வேலை முழுவதும் GIMP என்ற படம் திருத்தும் மென்பொருளில்தான்.

மணையில் உட்கார்ந்திருக்கும் படங்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அவற்றில் கொசுவம் நசுங்கி, எந்த மடிப்பு எங்கே போகிறது என்றே தெரியாது. நின்றபடி எடுத்த, பாதம் வரை தெரிகிற படம்தான் இதற்குச் சரி.

நிறம் மாற்றுவது அத்தனை கடினமில்லை. புடவையை மட்டும் தனி லேயராக எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, Levels-இல் வெளிச்சத்தைக் கூட்டி, கத்தரிப்பூ நிறத்தின் மேல் Multiply முறையில் வைத்தால் மடிப்பின் நிழல் எல்லாம் அப்படியே வந்துவிடும். ஆனால் Multiply இருட்ட மட்டும்தான் செய்யும். பட்டின் பளபளப்பு வேண்டுமென்றால் வெளிச்சப் பகுதிகளைத் தனியாக எடுத்து Screen முறையில் லேசாக மேலே போட வேண்டும். அதற்கும் முன்னால், பழைய புட்டாக்களை Heal கருவியால் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். விட்டால் புதுப் புடவையில் வெளுத்த புள்ளிகளாக நிற்கும். அழிக்கும்போது பக்கத்து மடிப்பிலிருந்து மாதிரி எடுக்காமல், அதே மடிப்பில் மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்தால் நிழல் கெடாது.

உண்மையான வேலை கட்டத்தில் இருக்கிறது. கட்டம் போட்ட துணிப் படத்தை அப்படியே கொசுவத்தின் மேல் பரப்பி, நிழலுக்கேற்ப வளைத்துவிட்டால் போதும் என்றுதான் பலர் செய்கிறார்கள். பார்த்த உடனே ஒட்டவைத்தது என்று தெரிந்துவிடும். காரணம், கொசுவத்தில் கண்ணுக்குத் தெரிகிற துணியைவிட உள்ளே மடிந்திருக்கிற துணிதான் அதிகம். ஐந்து இன்ச் அகலத்தில் மடிப்பு எடுத்தால், ஒரு மடிப்பின் ஓரத்திலிருந்து அடுத்த மடிப்பின் ஓரத்துக்குப் போவதற்குள் பத்து இன்ச் துணி போயிருக்கும். படத்தில் தெரிவதோ ஒரு இன்ச் பட்டைதான். ஆகவே ஒவ்வொரு மடிப்பிலும் கட்டம் தொடர்ச்சி அறுந்து, வேறொரு இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கிருந்து என்பதைப் பார்டரே சொல்லிவிடுகிறது. பெரியவளின் புடவையை வாங்கி அளந்தேன். மயிலுக்கு மயில் நான்கு இன்ச். பத்து இன்ச் துணி நகர்ந்தால் அது இரண்டரை முறை. அதனால் ஒரு மடிப்பின் ஓரத்தில் மயில் இருந்தால் அடுத்ததில் சக்கரம், அதற்கடுத்ததில் மறுபடி மயில் என்று வர வேண்டும். படத்தில் முதல் மூன்று மடிப்பு அப்படித்தான் இருந்தது. நான்காவதில் சக்கரம் முழுதாகத் தெரியாமல், பாதி ஓரத்தைத் தாண்டி மடங்கியிருந்தது. நெருங்கிப் பார்த்தால் சுமார் ஒரு இன்ச் தள்ளியிருக்கிறது. அதாவது அந்த இடத்தில் மட்டும் பதினொரு இன்ச் துணி போயிருக்கிறது. கட்டிவிட்டவர் அங்கே மடிப்பைக் கொஞ்சம் அகலமாகப் பிடித்திருக்கிறார்.

இப்போது கட்டத்துக்கு வருவோம். கடையில் சொன்னது ஒன்றரை இன்ச் கட்டம். ஏழு கட்டம் பத்தரை இன்ச். நகர்ந்தது பத்து இன்ச் என்பதால் ஒவ்வொரு மடிப்பிலும் நெடுக்குக் கோடு முந்தையதைவிட அரை இன்ச் உள்ளே தள்ளி விழும். முதல் மடிப்பில் ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் கோடு வைத்தேன். இரண்டாவதில் முக்கால் இன்ச்சில் வந்தது. மூன்றாவதில் ஒன்றேகால் இன்ச். தெரிகிற பட்டையே ஒரு இன்ச்தான் என்பதால் அந்த மடிப்பில் கோடே கிடையாது. நான்காவதில் பதினொரு இன்ச் போனதால் அரை இன்ச் வெளியே வந்து மறுபடி முக்காலில் நிற்கிறது. ஒரு மடிப்பில் கோடு, இன்னொன்றில் வெறும் பட்டு என்று வருகிற இந்த ஒழுங்கின்மைதான் துணியை நிஜமாகக் காட்டுகிறது. கணக்குப் போடாமல் கண்ணால் வைத்தால் கை தானாகவே எல்லா மடிப்பிலும் ஒரு கோடு போட்டுவிடும்.

இதற்காக ஒவ்வொரு மடிப்பையும் Paths கருவியால் சுற்றி வரைந்து தனித்தனி லேயராக்கினேன். அளவுக்கு பார்டரின் அகலமே போதும். ஆறு இன்ச் படத்தில் 420 பிக்சல் வந்தது. ஒரு இன்ச்சுக்கு 70, ஒரு கட்டத்துக்கு 105 பிக்சல்.

படுக்கைக் கோடுகள் வேறு மாதிரி. அவை புடவையின் நீளவாக்கில் போகிற பாவு இழையில் ஓடுவதால் பார்டருக்கு இணையாகவே போகும், எந்த மடிப்பிலும் உயரம் மாறாது. பார்டரின் மேல் விளிம்பு ஒவ்வொரு மடிப்பிலும் எப்படி வளைகிறதோ அதைப் பாதையாக வரைந்து, 105 பிக்சலுக்கு ஒரு தரம் மேலே நகலெடுத்தேன். முழங்காலுக்கு மேல் போகப் போக வளைவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். இடுப்பில் கொசுவம் ஒன்றுசேர்ந்து தட்டையாகிவிடுவதால் அங்கே கோடும் கிட்டத்தட்ட நேராகிவிடும்.

ஜரிகைக் கோட்டுக்கு ஒரே மஞ்சளை அடித்தால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். அசல் ஜரிகையில் நடுவில் சிவப்புப் பட்டு இழை, அதன் மேல் வெள்ளிக் கம்பி, அதற்கு மேல் தங்க முலாம். அதனால் வெளிச்சத்தில் வெளுத்த பொன்னாகவும் நிழலில் செம்புப் பழுப்பாகவும் தெரியும். அதே மடிப்பின் பார்டரிலிருந்தே வெளிச்சம், நடு, இருட்டு என்று மூன்று நிறம் எடுத்து அந்த மடிப்பின் கோடுகளுக்குக் கொடுத்தேன். பார்டரும் கட்டமும் ஒரே தறியில் வந்ததுபோல் ஆனது இதற்குப் பிறகுதான்.

பார்டரில் ஒரே ஒரு இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது. பாடியும் பார்டரும் சேருகிற கோர்வையில் கோபுரப் பல் இருக்கிறதே, அதன் இடுக்குகளில் அரக்கு ஒளிந்திருந்தது. படத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு இடுக்கிலும் கத்தரிப்பூ நிறத்தை இறக்கினேன். ஜரிகையின் மேல் விழுந்திருந்த அரக்குச் சாயலையும் விளிம்பை ஒட்டிக் கொஞ்சம் குறைத்தேன். இதை விட்டுவிட்டால் எங்கே தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், பார்டர் வேறு புடவையிலிருந்து வந்ததுபோலத் தோன்றும்.

சரி வந்திருக்கிறதா என்று பார்க்க, பழைய படத்தையும் புதியதையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் வைத்தேன். மடிப்பின் நிழல் இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒரு மடிப்பில் மட்டும் ஜரிகைக் கோடு நிழலை விழுங்கியிருந்தது. அதை மட்டும் இருட்டாக்கினேன். படத்தின் அளவு பெரிதாக இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது. செல்போனில் அனுப்பிச் சுருங்கிப்போன படத்தில் ஜரிகைக் கோடு ஒரு பிக்சலுக்கும் குறைந்து, விட்டு விட்டுத் தெரியும்.

சித்தி படத்தைப் பார்த்துவிட்டு, “கட்டம் இன்னும் கொஞ்சம் பெரிசா வேணும்ப்பா, ரெண்டு இன்ச் போட்டுக் காட்டு” என்றார். இரண்டு இன்ச் என்றால் பத்து இன்ச்சில் சரியாக ஐந்து கட்டம். மடிப்பை ஐந்து இன்ச்சாகவே பிடித்தால் எல்லா மடிப்பிலும் கோடு ஒரே இடத்தில் விழும், கொசுவம் முழுக்க வரி வரியாக நிற்கும். இந்தப் படத்தில் நான்காவது மடிப்பிலிருந்து ஒரு இன்ச் விலகும். அதையும் செய்து காட்டினேன். சித்திக்கு அதுதான் பிடித்தது. கட்டிவிடுகிறவரிடம் மடிப்பை அளந்து பிடிக்கச் சொல்ல வேண்டும் என்று அவரே குறித்துக்கொண்டார். அடுத்து முந்தி பாக்கி. தோளில் மடிப்பு சாய்வாக இறங்குவதால் அங்கே அளவைப் புதிதாக எடுக்க வேண்டும்.