ஜம்போ ஃபிரேமும் இரட்டைக் கேபிளும்: எங்கள் அலுவலகச் சர்வரில் நான் அளந்து பார்த்தவை

திருமண வீடியோவும் ஆல்பமும் தயாரிக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. ஏழு கணினிகள், லினக்ஸில் சாம்பா ஓடும் ஒரு கோப்புச் சர்வர், நடுவில் ஒரு கிகாபிட் சுவிட்ச். தனியாக ஒருவர் வேலை செய்தால் எல்லாம் சீராக ஓடும். எடிட்டர்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் வீடியோவைத் திறந்தால் மூவருக்கும் படம் திக்கித் திக்கி நகரும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் தடை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். சர்வரிலுள்ள எஸ்.எஸ்.டி. நேரடியாகப் படிக்கும்போது நொடிக்கு 500 மெகாபைட் தந்தது. `iperf3` வைத்து வலையமைப்பை மட்டும் அளந்தபோது 941 மெகாபிட். 1500 பைட் பாக்கெட்டில் ஒரு கிகாபிட் கேபிள் தரக்கூடிய உச்சமே அவ்வளவுதான். கோப்பு நகலெடுக்கும்போது அது நொடிக்கு 113 மெகாபைட்டாக வந்தது. மூவர் பகிர்ந்தால் ஆளுக்கு 38 கூடத் தேறாது. ஆக, சர்வரின் கேபிள்தான் குறுகலான கழுத்து.

முதலில் ஜம்போ ஃபிரேம். பாக்கெட்டின் அளவை 1500 பைட்டிலிருந்து 9000 ஆக்கினால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆகும் தலைப்புச் செலவு குறையும். சர்வரிலும் எடிட்டர்களின் மூன்று கணினிகளிலும் மாற்றினேன். விண்டோஸ் அமைப்பில் 9014 என்று இருந்ததைக் கண்டு முதலில் குழம்பினேன். ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டையும் அந்த டிரைவர் சேர்த்துக் கணக்கிடுகிறது. லினக்ஸில் 9000 என்பதும் அதுவும் ஒன்றே. நடுவில் இருக்கும் சுவிட்சிலும் ஜம்போ வசதியைத் தேடிப் பிடித்து இயக்கினேன்.

பத்து நிமிடத்தில் ஓர் எடிட்டர் எழுந்து வந்தார். "அண்ணா, ஃபோல்டர் திறக்கிறது, கோப்பை இழுத்தால் அப்படியே நிற்கிறது." சாதாரண `ping` போட்டேன், பதில் வந்தது. அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சாதாரண `ping` அனுப்புவது சின்னப் பாக்கெட். அது எங்கேயும் புகுந்துவிடும். சர்வரிலிருந்து அவர் கணினிக்குப் பெரிய பாக்கெட்டை, உடைக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்பிப் பார்க்க வேண்டும்:

```
ping -M do -s 8972 192.168.1.23
```

9000-இல் ஐ.பி. தலைப்புக்கு 20, ஐ.சி.எம்.பி. தலைப்புக்கு 8 போனால் மீதி 8972. "message too long" என்று திரையில் வந்தால் நம் சர்வரிலேயே அளவு மாறவில்லை என்று பொருள். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. பதிலே இல்லாத மௌனம். அது வழியில் யாரோ பாக்கெட்டை விழுங்குகிறார்கள் என்பதற்கு அடையாளம். ரவுட்டராக இருந்தால் அளவு அதிகம் என்று திருப்பிச் சொல்லும். சுவிட்ச் அப்படிச் சொல்லாது, சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். அந்த எடிட்டரின் மேசைக்கு அடியில், தூசிக்குள், ஐந்து போர்ட் கொண்ட பழைய சுவிட்ச் ஒன்று இருந்தது. இரண்டு கணினிகளுக்கு ஒரே கேபிள் வந்ததால் என்றோ வைத்தது, ஜம்போ தெரியாதது. இரண்டு முனைகளும் 9000 என்று ஒப்பந்தம் செய்துகொண்டன, நடுவில் இருப்பதை யாரும் கேட்கவில்லை. பிரிண்டரிலிருந்து சர்வருக்கு ஸ்கேன் வருவது மட்டும் நிற்கவில்லை. காரணம், பிரிண்டர் 1500-இல்தான் இருந்தது, டி.சி.பி. இணைப்பு தொடங்கும்போதே தன் அளவைச் சொல்லிவிடுவதால் சர்வரும் அதற்கேற்பச் சிறிதாக அனுப்பியது.

அந்தச் சுவிட்சை எடுத்துவிட்டுப் புதுக் கேபிள் இழுத்த பிறகு அளந்தேன். 941 மெகாபிட் 990 ஆனது. 40 ஜிகாபைட் வீடியோவை நகலெடுக்க ஏறக்குறைய ஆறு நிமிடம் ஆகும். அதில் 15 வினாடி குறைந்தது. ஆயிரக்கணக்கான சிறு புகைப்படங்கள் உள்ள ஃபோல்டரில் எந்த வித்தியாசமும் இல்லை. அங்கே ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடும் நேரம்தான் செலவு. ஐந்து விழுக்காட்டுக்காக ஒவ்வொரு சாதனத்தையும் காலமெல்லாம் கண்காணிக்க வேண்டுமா? அன்று மாலையே எல்லாவற்றையும் 1500-க்குத் திருப்பிவிட்டேன்.

அடுத்தது லிங்க் அக்ரிகேஷன். சர்வரில் இருந்த இரண்டாவது போர்ட்டிலும் கேபிள் செருகி, எல்.ஏ.சி.பி. முறையில் இரண்டையும் ஒன்றாகக் கட்டினேன். கட்டு விழுந்ததா என்று `/proc/net/bonding/bond0` கோப்பில் பார்க்கலாம். முதலில் எனக்கு அதில் "Partner Mac Address: 00:00:00:00:00:00" என்று இருந்தது. சுவிட்ச் பக்கத்தில் அந்த இரு போர்ட்டுகளையும் குழுவாக்க மறந்திருந்தேன். அதைச் செய்ததும் சுவிட்சின் முகவரி தெரிந்தது.

ஆனால் மூன்று எடிட்டர்களுக்கும் வேகம் துளியும் கூடவில்லை. `ip -s link` கொடுத்து எண்ணிக்கையைப் பார்த்தேன். ஒரு கேபிளில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, மற்றது ஏறத்தாழச் சும்மா கிடந்தது.

இங்கே அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டு கேபிளைக் கட்டினால் இரு மடங்கு அகலமான ஒரு குழாய் கிடைப்பதில்லை. ஒவ்வோர் உரையாடலும் ஏதோ ஒரு கேபிளில் மட்டுமே போகும். பாக்கெட்டுகள் வரிசை மாறக் கூடாது என்பதற்காக இப்படி. எந்தக் கேபிள் என்பதை ஒரு கணக்கு தீர்மானிக்கிறது. லினக்ஸின் இயல்பான `layer2` கணக்கு, இரு பக்கத்து மேக் முகவரிகளின் கடைசி பைட்டை எடுத்துக் கலந்து, கேபிள்களின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்க்கிறது. இரண்டு கேபிள் என்றால் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதே கேள்வி. எங்கள் மூன்று எடிட்டர்களின் முகவரிகள் a4, 1e, 58 என்று முடிந்தன. மூன்றும் இரட்டைப்படை. மூவரும் ஒரே கேபிளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

சர்வரின் நெட்பிளான் கோப்பில், ஐ.பி. முகவரியையும் போர்ட் எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் கணக்குக்கு மாற்றினேன்:

```
bonds:
  bond0:
    interfaces: [enp3s0, enp4s0]
    parameters:
      mode: 802.3ad
      transmit-hash-policy: layer3+4
```

இப்போது இரண்டு எடிட்டர்கள் ஒரு கேபிளில், ஒருவர் மற்றதில். மொத்தமாக நொடிக்கு 220 மெகாபைட்டுக்கு மேல் போனது, திக்கல் நின்றது. இது ஒவ்வொரு முறையும் இப்படியே பிரியும் என்ற உறுதி இல்லை. மூன்று இணைப்புகளும் ஒரே பக்கம் விழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மேலும் இந்த அமைப்பு சர்வர் அனுப்புவதை மட்டுமே பிரிக்கிறது. எடிட்டர்கள் சர்வரில் எழுதும்போது எந்தக் கேபிள் என்பதைச் சுவிட்ச்தான் தீர்மானிக்கும். எங்கள் சுவிட்சில் மேக் முகவரிக் கணக்கைத் தவிர வேறு தேர்வு இல்லாததால் அந்தத் திசையில் பழைய நிலைமையே தொடர்கிறது. எங்களுக்குப் படிப்பதுதான் அதிகம் என்பதால் பாதகமில்லை.

வாரந்தோறும் எடுக்கும் 600 ஜிகாபைட் பேக்கப்புக்கு இந்த இரட்டைக் கேபிள் ஒன்றும் செய்யவில்லை. ஒரு சர்வர், ஒரு பேக்கப் கணினி, ஒரே உரையாடல். எத்தனை கேபிள் கட்டினாலும் அது ஒன்றிலேதான் போகும். முன்பு போலவே ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்கு இரண்டு பழைய 10 கிகாபிட் கார்டுகள் வாங்கி, நடுவில் சுவிட்ச் இல்லாமல் நேரடியாகக் கேபிள் போட்டு, அதற்கெனத் தனி ஐ.பி. வரிசை கொடுத்தேன். பேக்கப் 25 நிமிடமாகக் குறைந்தது.

ஜம்போ ஃபிரேமை அங்கே மறுபடி இயக்கினேன். இரண்டே முனைகள், நடுவில் விழுங்க யாரும் இல்லை. 10 கிகாபிட் முழுவேகத்தில் 1500 பைட் என்றால் நொடிக்கு எட்டு லட்சம் பாக்கெட். 9000 என்றால் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே. பேக்கப் கணினியின் பழைய பிராசசர் `iperf3` சோதனையில் 6 கிகாபிட்டிலேயே மூச்சு முட்டியது. மாற்றிய பின் 9.9 தொட்டது. பேக்கப் நேரம் மட்டும் அதே 25 நிமிடம்தான், ஏனென்றால் அங்கே இப்போது குறுகலான கழுத்து ஹார்ட் டிஸ்க்குகள்.