ஒரு பத்திரத்துக்கு மூன்று வட்டி விகிதம்: கணக்குப் போட்டுப் பார்த்தது

அரசுக் கடன் பத்திரத்தின் விலையை இதுவரை யீல்ட் என்ற ஒரே ஒரு வருவாய் விகிதத்தை வைத்துத்தான் எக்செல்லில் போட்டுக்கொண்டிருந்தேன். அதாவது 3 வருடப் பத்திரம் என்றால் முதல் வருடம் வரும் கூப்பன் வட்டிக்கும் மூன்றாம் வருடம் வரும் அசலுக்கும் ஒரே 7%. ஆனால் அடுத்த வருடம் கைக்கு வரும் பணத்தை 1 வருடக் கடனுக்குச் சந்தை கேட்கிற வட்டியில்தானே கழித்து இன்றைய மதிப்பாக்க வேண்டும்? அதற்கு எதற்கு 3 வருட வட்டி? இந்தக் கேள்வி உறுத்தவே, ஒவ்வொரு வரவையும் அது வரும் காலத்துக்கே உரிய வட்டியில், அதாவது ஸ்பாட் ரேட்டில், கழித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

எண்கள் நானே எடுத்துக்கொண்டவை. கூப்பன் வருடத்துக்கு ஒரு தடவை, முகமதிப்பு 100. சரியாக 100 ரூபாய்க்கு விற்கும் பத்திரங்களின் கூப்பன் 1 வருடத்துக்கு 6%, 2 வருடத்துக்கு 6.5%, 3 வருடத்துக்கு 7%. இவைதான் பார் யீல்ட்.

முதல் முயற்சியிலேயே சொதப்பினேன். இந்த 6, 6.5, 7-ஐயே ஸ்பாட் ரேட் என்று நினைத்து வரவுகளைக் கழித்துவிட்டேன். 7% பத்திரத்தின் விலை 100.12 என்று வந்தது. 100-க்கு விற்கிறது என்று நானே வைத்துக்கொண்ட பத்திரம் எப்படி 100.12 ஆகும்? பிறகுதான் உறைத்தது. 6.5% என்பது 2 வருடப் பத்திரத்தின் இரண்டு வரவுகளுக்கும் சேர்த்துச் சொல்லும் ஒரு கலவை. அதில் முதல் கூப்பனுக்கு 6% போதும் என்றால், இரண்டாம் வருட வரவுக்கு 6.5-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தாக வேண்டும்.

ஆகவே கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். 1 வருடம் கழித்து வரும் 1 ரூபாயின் இன்றைய மதிப்பு 1/1.06, அதாவது 0.9434. 2 வருடப் பத்திரத்தின் முதல் கூப்பன் 6.5-ஐ இதால் பெருக்கினால் 6.13. அதை 100-இல் கழித்தால் மிச்சம் 93.87. இரண்டாம் வருடம் வரும் 106.5-இன் இன்றைய மதிப்பு இதுதான், எனவே 2 வருடம் கழித்து வரும் 1 ரூபாய்க்கு 93.87/106.5, அதாவது 0.8814. மூன்றாம் வருடத்துக்கும் இதே வழி. பைத்தானில் நாலு வரி:

```python
par = [0.06, 0.065, 0.07]
d = []
for c in par:
    d.append((1 - c*sum(d)) / (1 + c))
```

மூன்றாவது 0.8152 என்று வந்தது. இவற்றை வட்டியாக மாற்றினால் ஸ்பாட் ரேட் 6%, 6.52%, 7.05%. இப்போது 7% பத்திரத்தைப் போட்டால் 100 அச்சாக வருகிறது. எந்த மாற்றம் செய்தாலும் இந்தச் சோதனையைத்தான் முதலில் ஓட்டுகிறேன்.

அப்புறம்தான் சுவாரசியமே. அதே 3 வருட முதிர்வு, ஆனால் 12% கூப்பன் உள்ள பழைய பத்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டேன். ஒரே 7%-இல் கழித்தால் 113.12, ஸ்பாட் ரேட்டுகளில் கழித்தால் 113.20. கூப்பனே இல்லாமல் முதிர்வில் 100 மட்டும் தரும் பத்திரத்துக்கோ எதிர்த்திசை: 81.63-க்குப் பதில் 81.52. பெரிய கூப்பன் என்றால் பணத்தில் அதிகப் பங்கு சீக்கிரமே, குறைந்த வட்டியுள்ள வருடங்களில் வந்துவிடுகிறது, அதனால் விலை ஏறுகிறது. இந்த விலைகளிலிருந்து திரும்ப யீல்ட் எடுத்தால் 12% பத்திரத்துக்கு 6.97, கூப்பன் இல்லாததற்கு 7.05. மூன்றும் ஒரே வட்டி அமைப்பில் நியாயமாக விலை போட்டவை, யீல்ட் மட்டும் வேறு வேறு. ஒரே முதிர்வுள்ள இரண்டு பத்திரங்களில் யீல்ட் கூடுதலாக இருப்பது மலிவு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நம் அரசுப் பத்திரங்கள் பெரும்பாலும் அரையாண்டுக்கு ஒரு முறை கூப்பன் தருபவை என்பதால் அடுத்து அதற்கு மாற்றினேன், அங்கே ஒரு குழி. வருடக் கூட்டு வட்டியாகக் கிடைத்த 7.05-ஐ அப்படியே பாதியாக்கி 6 அரையாண்டுக்குப் போட்டதில் 81.52 என்பது 81.24 ஆகிவிட்டது. 28 பைசா! நான் தேடிக்கொண்டிருந்த வித்தியாசமே 11 பைசாதான். விகிதத்தை எங்கிருந்து எடுத்தாலும் அது வருடக் கூட்டா, அரையாண்டுக் கூட்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சந்தை விகிதங்களை வெளியிடும் FBIL நிறுவனம் தினமும் அரசுப் பத்திரங்களின் பார் யீல்ட், ஜீரோ கூப்பன் யீல்ட் இரண்டையுமே வெளியிடுகிறது. ஜீரோ கூப்பன் யீல்ட் என்பதும் ஸ்பாட் ரேட்தான், அந்த எண்களை எடுத்தால் படியேறும் வேலையே மிச்சம். ஆனால் உண்மையான பத்திரத்தின் கூப்பன் தேதி 1.37 வருடம் என்கிற மாதிரி இடையில் எங்காவது விழுகிறது. இப்போதைக்கு விகிதங்களுக்கு நடுவே நேர்கோடு போடாமல், 0.9434, 0.8814 போன்ற மதிப்புகளின் லாகரிதத்துக்கு நடுவே போடுகிறேன். வாங்கும் நாள்வரை சேர்ந்த வட்டியை விலையிலிருந்து பிரிப்பது இன்னும் பாக்கி.